"சும்மா ஒருக்காக் கேப்பம் எண்டு...": வேலை நடக்காத குறுஞ்செய்தியைத் திருத்தும் வழி

ஒரு குறுஞ்செய்தியில் எது பழுது என்று அந்தச் செய்தியை வாசித்துக் கண்டுபிடிப்பது கடினம். எழுதியவருக்கு அதில் எல்லாமே மரியாதையாகத்தான் தெரியும். அதனால் முதலில் நீங்கள் அனுப்பியதை விட்டுவிட்டு, உங்களுக்கு வந்த பதிலைப் பாருங்கள். "பரவாயில்லை" என்று வந்ததா, "சொல்லுங்கோ" என்று வந்ததா, நீலக் கோடு விழுந்தும் ஒன்றுமே வரவில்லையா? ஒவ்வொரு பதிலும் செய்தியின் ஒவ்வொரு பழுதைக் காட்டிக்கொடுக்கும்.

கிளிநொச்சியில் கொமியூனிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புவது, ரீலோட். இவற்றுக்கிடையே போனை நீட்டி, "பிள்ளை, இதுக்குப் பதில் வரேல்லை, நான் என்ன பிழையாய் எழுதிப்போட்டன் எண்டு ஒருக்காப் பார்" என்று கேட்பவர்களும் வருவார்கள். பெரும்பாலும் பிழையாக ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்கள். மன்னிப்பும் தயக்கமும் அளவுக்கு மிஞ்சிப்போய், கேட்க வந்தது அதற்குள் மறைந்திருக்கும். கீழே வரும் செய்திகள் அப்படிப் பார்த்தவற்றை வைத்து எழுதியவை. ஆளையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

அறிகுறி: "பரவாயில்லை" என்று அன்பாகப் பதில் வருகிறது, வேலை மட்டும் நடக்கவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் வருவது, ஏமாற்றுவதும் இதுதான். பதில் வந்துவிட்டது, அதுவும் அன்பாக வந்துவிட்டது என்பதால் பழுது இருப்பதே தெரியாது.

காலபோக அறுவடை நேரம். முரசுமோட்டையில் இரண்டு ஏக்கர் செய்திருக்கிற ஒரு பெண், அறுவடை மெசின் வைத்திருப்பவருக்கு இரவு எட்டு மணியளவில் அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் அண்ணை. இந்த நேரத்தில தொந்தரவு குடுக்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் சரியான பிசியா இருப்பியள் எண்டு தெரியும். சும்மா ஒருக்காக் கேட்டுப் பாப்பம் எண்டுதான். எங்கட வயலும் கிட்டத்தட்ட வெட்டுற பருவத்துக்கு வந்திட்டுது போல கிடக்கு. உங்களுக்கு ஏலுமெண்டால் இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ மெசின் வரக்கூடிய மாதிரி இருக்குமோ எண்டு அறியத்தான். ஏலாட்டிலும் பரவாயில்லை. குறை நினைக்காதேங்கோ, மன்னிக்கவும்."

வந்த பதில்: "சீச்சீ, அதிலை என்ன தங்கச்சி, பரவாயில்லை. பாப்பம்."

அவர் ஏய்க்கவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது மனித வழக்கம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஒருவர் சொன்னால் மற்றவரின் நாக்கு தானாகவே "பரவாயில்லை" என்றுதான் போகும். இந்தச் செய்தி மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பில் முடிகிறது. வாசித்து முடிக்கும்போது அவர் மனதில் நிற்பது கடைசி வரி. அந்தக் கடைசி வரிக்கு ஒரு பதில் கொடுத்துவிட்டார், கணக்குத் தீர்ந்துவிட்டது. நடுவில் இருந்த மெசின் பற்றிய கேள்விக்கு "பாப்பம்" மிச்சமாகக் கிடைத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவடைக் காலத்தில் அவருடைய போனுக்கு ஒரு நாளில் எத்தனையோ செய்தி வரும். எல்லாவற்றையும் திறந்து வாசிக்க மாட்டார். பூட்டிய திரையில் தெரிகிற முதல் ஓரிரு வரியைப் பார்ப்பார், அவசரம் என்றால் திறப்பார். மேலே உள்ள செய்தியில் அந்த இடம் முழுக்க வணக்கமும் மன்னிப்பும்தான். டேட்டா இல்லாமல் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஆக அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். தமிழில் எழுதும் எஸ்.எம்.எஸ். ஒன்றில் 70 குறிகளுக்குத்தான் இடம். ஆங்கில எழுத்தென்றால் 160. தமிழில் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறியாகக் கணக்கில் சேரும். "மன்னிக்கவும்" என்பது கண்ணுக்கு ஏழு எழுத்து, போனின் கணக்கில் 12. அந்தப் பெண்ணின் வணக்கமும் முதல் மன்னிப்பும் மட்டுமே 70ஐத் தாண்டிவிடுகின்றன. கேள்வி தொடங்குவதற்கு முன்பே ஒரு முழு எஸ்.எம்.எஸ். முடிந்துவிட்டது.

திருத்தும் முறை எளிது. செய்தியை எடுத்து, பதில் சொல்ல வேண்டிய வாக்கியம் எது என்று தேடுங்கள். இங்கே அது "மெசின் வருமோ" என்பது. அதை வெளியே எடுத்து வணக்கத்துக்கு அடுத்ததாக வையுங்கள். "இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ" என்ற இடத்தில் உண்மையான கடைசி நாளைப் போடுங்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், எந்த நாளைக்கு மேல் பொறுக்க முடியாது என்று. யோசிக்காமலே "வியாழன்" என்றார். நெல் முத்திவிட்டது. இனி ஒரு மழை பெய்தால் பயிர் சாய்ந்து கதிரிலேயே முளைத்துவிடும். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர்தான் செய்தியில் "கிட்டத்தட்ட", "போல கிடக்கு" என்று எழுதியிருந்தார்.

திருத்திய பிறகு:

"வணக்கம் அண்ணை. வியாழனுக்கு முதல் மெசின் வருமோ? முரசுமோட்டை, ரெண்டு ஏக்கர், நெல் நல்லாய் முத்தியிட்டுது. வர ஏலாட்டி நாளைக்கு இரவுக்குள்ள சொல்லுங்கோ, நான் வேற மெசின் பாக்கிறன்."

வணக்கமும் கேள்வியும் சேர்ந்து ஒரே எஸ்.எம்.எஸ்.ஸுக்குள் அடங்கும், பூட்டிய திரையிலும் முழுதாகத் தெரியும். மரியாதை எங்கேயும் குறையவில்லை. "அண்ணை"யும் இருக்கிறது, "சொல்லுங்கோ"வும் இருக்கிறது. தமிழில் மரியாதை வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு மேல் மன்னிப்பை அடுக்கத் தேவையில்லை.

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள், நான் மிகவும் பெரிதாக நினைப்பது அதைத்தான். பழைய செய்தியில் இருந்த "ஏலாட்டிலும் பரவாயில்லை" பொய். மெசின் வர ஏலாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஏக்கரும் போய்விடும். புதிய வரியும் மெசின்காரருக்கு வழி விடுகிறது, ஏலாது என்று சொல்ல இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வழியில் போவதென்றாலும் நாளை இரவுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருவரை நெருக்காமல் கேட்க வேண்டும் என்று நினைத்தால், இப்படி "ஏலாது" என்று சொல்வதை அவருக்கு லேசாக்கிக் கொடுங்கள். அதுதான் அவருக்குப் பயன்படுகிற மரியாதை.

இன்னொன்று. மெசின்காரருக்கு இது தொழில். ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு வாங்கித்தான் வெட்டுகிறார். அவருக்கு வேலை கொடுப்பதற்கு எதற்கு மன்னிப்பு?

அறிகுறி: வாசித்ததாகக் காட்டுகிறது, பதிலே இல்லை

முதலில் சாதாரணக் காரணங்களை ஒதுக்கிவிடுங்கள். ஒற்றைக் கோடுதான் விழுந்திருக்கிறதென்றால் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போனால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அது உங்கள் எழுத்தின் குறையல்ல. வாசித்து ஒரு முழு வேலைநாள் கழிந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் செய்தியைத் திறந்து பாருங்கள். அதற்குள் எத்தனை "ஆல்" இருக்கிறது என்று தேடுங்கள். நேரம் கிடைத்தால், வசதிப்பட்டால், முடிந்தால், பெரிய கரைச்சல் இல்லையென்றால்.

ஒரு தாய் கிராம அலுவலருக்கு எழுதியது:

"சேர் வணக்கம். உங்களுக்கு நேரம் கிடைச்சால், பெரிய வேலை இல்லையெண்டால், மகளின்ர வதிவிடச் சான்றிதழ் விசயமாய் முடிஞ்சால் ஒருக்காப் பாத்துச் செய்தால் பெரிய உதவியாய் இருக்கும் சேர்."

இதில் மூன்று நிபந்தனை. கிராம அலுவலர் இதை நேர்மையாக வாசித்தால் என்ன செய்வார்? நேரம் கிடைத்ததா, இல்லை. பெரிய வேலை இல்லையா, இருக்கிறது. முடிந்ததா, இன்றைக்கு முடியவில்லை. சரி, அப்படியென்றால் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செய்தியில் கேள்விக்குறியும் இல்லை, நாளும் இல்லை. பதில் சொல்லாமல் விடலாம் என்று செய்தியே அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டது.

ஒவ்வொரு "ஆல்"ஐயும் தனியே எடுத்து, இந்த நிபந்தனை நிறைவேறாமல் போனால் எனக்கு உண்மையிலேயே சரியா என்று கேட்டுப் பாருங்கள். "நேரம் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாமா?" என்று அந்தத் தாயிடம் கேட்டபோது, "ஐயோ, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில விண்ணப்பம் முடியுது" என்றார். அப்படியென்றால் அந்த "நேரம் கிடைச்சால்" அலங்காரம், எடுத்துவிடலாம். மற்ற இரண்டும் அப்படியே விழுந்தன. கேட்கப் போனால் உண்மையான நிபந்தனை ஒன்று இருந்தது, அதை அவர் எழுதவே இல்லை. கிராம அலுவலர் நாளைக்கு அலுவலகத்தில் இருப்பாரா, வெளிக்களத்துக்குப் போய்விடுவாரா என்பது.

"சேர் வணக்கம். மகளின்ர பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். நாளைக்கு நீங்கள் அலுவலகத்தில நிண்டால் வந்து எடுக்கிறன். எத்தினை மணிக்கு வரட்டும் சேர்?"

ஒரு "ஆல்" மிஞ்சியிருக்கிறது, அது இருக்க வேண்டிய "ஆல்". கேள்வியும் "9" என்று ஒரு எண்ணை அழுத்தினாலே முடிகிற கேள்வி. அந்தத் தாய் "என்னென்ன கொண்டுவர வேணும்?" என்றும் சேர்க்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். இரண்டு கேள்வி கேட்டால் இலகுவான ஒன்றுக்குத்தான் பதில் வரும். முதலாவதற்குப் பதில் வந்த பிறகு இதைக் கேட்கலாம்.

அதிகாரிகளுக்கு எழுதும்போது மட்டும் கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் சனம் கடிதம் எழுதிப் பழகிய சூழல் அப்படி. 2009க்குப் பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலும், பிறகு மீள்குடியேறிய ஊர்களிலும், காணிக்கும் வீட்டுக்கும் காணாமல்போன பிள்ளைக்கும் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத வேண்டியிருந்தது. அந்தப் பணிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதங்களில் இன்னொன்றும் இருந்தது. "ஐயா" என்று விளித்த உடனே, அடிக்கோடு போட்டு, "வதிவிடச் சான்றிதழ் பெறுதல்" என்று தலைப்பு வரும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே எந்தக் கோப்பு என்று கண்டுகொள்வார். போனுக்கு மாறியபோது பணிவு அப்படியே வந்தது, தலைப்பு வரி விழுந்துபோனது. திரும்பக் கொண்டுவர வேண்டியது அந்த வரியைத்தான்.

அறிகுறி: "ஓம், சொல்லுங்கோ" என்று வருகிறது

"வணக்கம் மிஸ். ஒரு சின்ன விசயம் கேக்கலாமோ? பிசியோ?" என்று மட்டும் அனுப்பியிருப்பீர்கள். நேரில் இது நல்ல பழக்கம். கேட்டவுடன் "ஓம்" வரும், அடுத்த நொடி விசயத்தைச் சொல்லலாம். போனில் அந்த "ஓம்" மத்தியானம் வரும். நீங்கள் அதை மாலையில் பார்ப்பீர்கள், கேள்வியை இரவு அனுப்புவீர்கள், மிஸ் மறுநாள் வாசிப்பார். போதாததற்கு, என்ன கேட்கப் போகிறாரோ, காசோ, பெரிய உதவியோ என்று வாசிப்பவரை யோசிக்கவும் வைக்கிறது. "சின்ன விசயம்" என்று வருவது பலமுறை சின்னதாக இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அனுமதி கேட்பதையும் விசயத்தையும் ஒரே செய்தியில் போடுங்கள். "வணக்கம் மிஸ். நேற்றைய ரசாயன பாடக் குறிப்பில மூண்டாம் பக்கம் என்னட்ட இல்லை. ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களோ?" இவ்வளவுதான்.

அறிகுறி: "சரி, ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்கிறார், ஆனால் இன்றைக்கே வந்திருக்க வேண்டும்

இதுவரை பார்த்தது கேட்பதில் உள்ள தயக்கம். இது வேறு வகை. கண்ணால் கண்ட செய்தியையே தயங்கித் தயங்கிச் சொல்வது. இழப்பு அதிகம் வருவது இதில்தான்.

சிறுபோகத்தில் தண்ணீர் விட்டிருந்த நேரம், ஒரு இளைஞர் கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கு எழுதினார்:

"அண்ணை மன்னிக்கவும், எனக்குச் சரியாத் தெரியேல்லை, நான் சொல்லுறது பிழையாவும் இருக்கலாம், எங்கட பக்க வாய்க்கால்ல கொஞ்சம் தண்ணி கசியிற மாதிரிக் கிடக்கு. நேரம் கிடைக்கேக்க வந்து பாத்தால் நல்லது."

செயலாளர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? கசிவு, அதுவும் கொஞ்சம், அதுவும் நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தம்பியைக் கேட்டால் கதை வேறாக இருந்தது. மூன்றாவது மதகுக்குக் கீழே வாய்க்கால் கட்டில் இரண்டு சாண் அகலத்துக்கு மண் கரைந்து, தண்ணீர் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஆறு மணிக்கு அவர் பார்த்தபோது ஒரு சாண்தான் இருந்தது. அவருக்குத் தெரியாத விசயம் ஒன்றே ஒன்று: கட்டின் உள்ளால் ஓட்டை போயிருக்கிறதா, மேல் மண் மட்டும்தான் கரைந்ததா என்பது. அந்த ஒரு சந்தேகத்தை எடுத்து முழுச் செய்தியின் மேலும் பூசிவிட்டார். தெரிந்தது, தெரியாதது எல்லாமே ஒரே நிறமாகிவிட்டது.

இங்கே தயக்கத்தை முழுதாகத் துடைத்தெறியச் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நேர்மை. அது இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். செய்ய வேண்டியது, சந்தேகத்தை அதற்குரிய இடத்தில் மட்டும் வைப்பது. கண்டதை அளவோடும் நேரத்தோடும் எழுதுங்கள். "கொஞ்சம்" என்ற இடத்தில் சாணோ முழமோ போடுங்கள். கூடிக்கொண்டு போகிறதா, அப்படியே நிற்கிறதா என்று சொல்லுங்கள், அவசரத்தைத் தீர்மானிக்கிறவருக்கு அதுதான் வேண்டும். பிறகு தெரியாததை ஒரு தனி வாக்கியமாக்குங்கள்.

"அண்ணை, எங்கட பக்க வாய்க்கால், மூண்டாவது மதகுக்குக் கீழ, கட்டில ரெண்டு சாண் அகலத்துக்கு மண் கரைஞ்சு தண்ணி வயலுக்குள்ள போகுது. காலமை ஆறு மணிக்கு ஒரு சாண்தான் இருந்தது. உள்ளால ஓட்டை போயிருக்கோ எண்டு தெரியேல்லை. இண்டைக்கே வந்து பாருங்கோ, நான் மண்மூட்டையோட நிக்கிறன்."

ஒரு படமும் சேர்த்து அனுப்பினால் நல்லது. ஆனால் படம் மட்டும் போதாது. டேட்டா குறைந்த இடத்தில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும், எழுத்து போய்ச் சேர்ந்துவிடும்.

உங்கள் செய்தியில் இந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்க, "மாதிரி", "போல", "கொஞ்சம்" என்ற சொற்களைத் தேடி, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு வாசியுங்கள். எடுத்த பிறகும் வாக்கியம் உண்மையாகவே இருந்தால் அந்தச் சொல் அங்கே தேவையில்லை. எடுத்ததும் பொய்யாகிவிட்டால் அதைத் திரும்ப வையுங்கள்.

அறிகுறி: இரண்டாவது செய்தி முதலாவதை விட நீளமாகிறது

பதில் வரவில்லை, நினைவூட்ட வேண்டும். இப்போது முன்பு கேட்டதற்கும் சேர்த்து மன்னிப்பு, திரும்பவும் கேட்பதற்கு இன்னொரு மன்னிப்பு. "திரும்பத் திரும்பக் கரைச்சல் தாறன் எண்டு நினைக்காதேங்கோ" என்று எழுதினால், அவர் அதுவரை அப்படி நினைக்காவிட்டாலும் இனி நினைப்பார்.

வாட்ஸ்அப்பில் உங்கள் பழைய செய்தியை அழுத்திப் பிடித்து அதற்கே பதிலாக எழுதுங்கள். பழையது மேலே தெரியும், விசயத்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. "அண்ணை, இது என்ன மாதிரி? நாளைக்குக் காலமை நான் முடிவெடுக்க வேணும்." அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது செய்தி எழுதாதீர்கள். அழைத்துக் கதையுங்கள், அல்லது நேரில் போங்கள்.

அறிகுறி: திருத்தி அனுப்பினேன், "என்ன தங்கச்சி, கோவமோ?" என்று கேட்கிறார்

இது நடக்கும். இவ்வளவு காலமும் நீளமாக எழுதியவரிடமிருந்து திடீரென்று மூன்று வரி வந்தால், எதிரில் இருப்பவர் துணுக்குறுவார். அல்லது உண்மையிலேயே அளவுக்கு மேல் வெட்டிவிட்டிருப்பீர்கள்.

எவ்வளவு பணிவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1978இல் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு மொழியியலாளர்கள் பணிவு பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். ஒரு வேண்டுகோளின் பாரத்தை மூன்று விசயம் தீர்மானிக்கிறது என்றார்கள். எதிரில் இருப்பவர் உங்களுக்கு எவ்வளவு தூரம், உங்களை விட எவ்வளவு அதிகாரம் உள்ளவர், நீங்கள் கேட்பது அவருக்கு எவ்வளவு சுமை. பாரம் கூடக் கூடப் பணிவும் கூட வேண்டும்.

எங்கள் ஆட்கள் இரண்டாவதை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதைப் பார்ப்பதில்லை. கிராம அலுவலர் அதிகாரம் உள்ளவர்தான், ஆனால் சான்றிதழ் கொடுப்பது அவருடைய கடமை, சுமை குறைவு. "சேர்" போதும், மன்னிப்பு வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணை நெருக்கமானவர், அதிகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய உழவு இயந்திரத்தை அரை நாளைக்குச் சும்மா தரச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்றால் சுமை பெரிது. அங்கே "ஏலுமெண்டால்" போல ஒரு நிபந்தனை கட்டாயம் வர வேண்டும். அந்த நிபந்தனை உண்மையானதும்கூட, ஏனென்றால் அவருக்கும் அன்றைக்கு உழவு இருக்கலாம்.

"அண்ணை, சனிக்கிழமை உங்கட மெசின் சும்மா நிக்குமெண்டால் அரை நாளைக்கு எடுக்கலாமோ? டீசல் நான் அடிக்கிறன். உங்களுக்கு அண்டைக்கு வேலை இருந்தால் சொல்லுங்கோ, ஞாயிறு பாக்கலாம்."

"கோவமோ" என்று கேட்டவருக்கு மன்னிப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். அவரைப் பற்றிய ஒரு விசாரிப்பைக் கேள்விக்குப் பின்னால் வையுங்கள். "அம்மாவின்ர கால் இப்ப எப்பிடி?" என்ற ஒரு வரி ஐந்து "மன்னிக்கவும்" செய்யாத வேலையைச் செய்யும். விசாரிப்பு முன்னால் வந்தால் அதற்குப் பதில் வரும், உங்கள் கேள்வி பின்னால் தங்கிவிடும். வயதானவர்களுக்கு மட்டும் விசாரிப்பை முன்னால் வைப்பேன். அவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள், அவர்களுக்குச் செய்தி எழுதுவதை விட அழைப்பதே நல்லது.

"ஒருக்கா"வை மட்டும் வெட்ட வேண்டாம், அது இருக்கட்டும். "ஒருக்காச் சொல்லுங்கோ" என்பதில் அந்தச் சொல் இடத்தையும் பிடிக்காது, கேள்வியையும் மறைக்காது, கட்டளை போல ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு செய்திக்கு ஒன்று போதும்.

மன்னிப்பே வேண்டிய செய்தி

மேலே சொன்னதையெல்லாம் செய்து பழகிய ஒருவர், இரவல் வாங்கிய மருந்தடிக்கும் மெசினின் ஹோஸை வெடிக்கவைத்துவிட்டு, "ஹோஸ் மாத்தித் தாறன்" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். இங்கே மன்னிப்பு வேண்டும். உங்கள் கையால் ஒருவருக்கு நட்டமோ அலைச்சலோ வந்திருந்தால், அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு தடவை, எதற்கென்று பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து. சும்மா "எல்லாத்துக்கும் மன்னிக்கவும்" என்று எழுதினால் எதற்கென்று தெரியாமல் அவரே தேட வேண்டிவரும்.

"அண்ணை, மருந்தடிக்கேக்க ஹோஸ் வெடிச்சிட்டுது. நான் கூட அமத்தினதால வந்தது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பரந்தன்ல புதுசு வாங்கிப் பூட்டி நாளைக்குப் பின்னேரம் கொண்டுவாறன். அதுக்கு முதல் உங்களுக்குத் தேவையெண்டால் சொல்லுங்கோ, இண்டைக்கே போறன்."

இதற்குப் பதிலாக "பரவாயில்லை தம்பி" என்று வந்தால், அந்தப் பதில் சரியான கேள்விக்குத்தான் வந்திருக்கிறது.